ஒரே வேர், இரண்டு வினை: யோசேப்பின் வசனத்தில் எபிரேயப் பின்யான்களைப் படிக்கும் முறை

எபிரேய மொழியில் வினைச்சொல்லின் உயிர்நாடி மூன்று மெய்யெழுத்துகள். அவற்றை ஷோரெஷ், அதாவது வேர் என்பார்கள். அந்த மூன்றையும் ஒரு வார்ப்பில் ஊற்றி எடுத்தால்தான் சொல் கிடைக்கும். வார்ப்புக்குப் பெயர் பின்யான். வேதாகம எபிரேயத்தில் வழக்கமாகக் கணக்கில் வருபவை ஏழு: கல், நிஃபால், பியேல், புவால், ஹித்பயேல், ஹிஃபில், ஹோஃபால். இந்த ஏழுக்கும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்பவர்கள் நிறைய. ஆனால் ஒரு வசனத்தைத் திறந்ததும், எது எந்தப் பின்யான், அதனால் பொருள் எங்கே திரும்புகிறது என்று சொல்லத் தெரியாமல் நின்றுவிடுவார்கள். அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு வசனத்தைப் பிரித்துப் பார்ப்பது இதற்கு நல்ல வழி.

எடுத்துக்கொள்ளும் வசனம் ஆதியாகமம் 42:7. பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அண்ணன்மார், தாங்கள் விற்றுவிட்ட தம்பியின் முன் நிற்கிறார்கள். அவன்தான் யோசேப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது. அவனுக்கு அவர்களைத் தெரிந்துவிடுகிறது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. இந்த இரண்டு செயலையும் எபிரேயம் ஒரே வேரால், அடுத்தடுத்த இரண்டு சொற்களில் சொல்லிவிடுகிறது.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

உயிர்க்குறியிட்ட மசோரெட்டிய பாடம், அதாவது எபிரேய வேதாகமத்தின் மரபு மூலப் பாடம், ஒன்று வேண்டும். குறியில்லாத பாடத்தில் தொடங்க வேண்டாம். நமக்கு வேண்டிய தடயங்களில் பாதி அந்தக் குறிகளில்தான் இருக்கிறது. கூடவே வேர்வாரியாக அடுக்கிய அகராதி ஒன்றும் வேண்டும். 1906இல் வெளியான பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் அகராதி இதற்கு இன்றும் வசதி. ஒரு வேரைத் திறந்தால் அது எந்தெந்தப் பின்யானில் எங்கெங்கே வருகிறது என்று ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

இங்கே எபிரேயச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்தில் வல்லொலியும் மெல்லொலியும் பிரிந்து தெரியாது என்பதால், மூலப் பாடத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

படி 1: வினைகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள்

வசனத்தின் தொடக்கம் இது: வய்யர் யோசேஃப் எத் எஹாவ், வய்யக்கிரேம், வய்யித்நக்கேர் அலேஹெம். இதில் வினைகள் மூன்று. வய்யர் என்றால் பார்த்தான். வய்யக்கிரேம், வய்யித்நக்கேர் ஆகிய இரண்டும்தான் நமக்கு வேலை தரப்போகின்றன. யோசேஃப் எழுவாய். 'எத் எஹாவ்' என்பது 'தன் சகோதரர்களை'. 'எத்' நம் ஐ உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. 'அலேஹெம்' என்பது 'அவர்களிடம்'. எத்தும் அலேஹெம்மும் படி 4இல் முக்கியமான சாட்சிகள் ஆகும். அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒட்டுகளைக் கழற்றுங்கள்

வய்யக்கிரேம் என்பதை முன்னிருந்தும் பின்னிருந்தும் உரிக்க வேண்டும். முன்னால் உள்ள 'வ' கதைத்தொடரில் 'அப்புறம்' என்று செயலை நகர்த்தும் இணைப்பு. அதற்கு அடுத்த யோத் எழுத்து 'அவன்' என்பதைக் காட்டும் முன்னொட்டு. கடைசி 'ஏம்' என்பது 'அவர்களை' என்ற பின்னொட்டு. எல்லாம் போக நடுவில் மிஞ்சுவது 'க்கிர்'. மெய்யெழுத்தாகப் பார்த்தால் காஃப், ரேஷ் என்று இரண்டுதான். வேருக்கு மூன்று வேண்டுமே, ஒன்று எங்கே?

காஃப் எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு புள்ளி இருக்கும். அதன் பெயர் தாகேஷ். தமிழில் புள்ளி எழுத்தின் தலைமேல் நின்று உயிரை எடுத்துவிடும். எபிரேயத்தில் உயிருக்குப் பின் வரும் எழுத்தின் உள்ளே நிற்கும் இந்தப் புள்ளி, எழுத்து இரட்டித்திருக்கிறது என்று சொல்லும். அதனால் இங்கே ஒலிப்பது 'க்க்'. அந்த இரட்டிப்பின் முதல் பாதி முன்பு வேறு எழுத்தாக இருந்தது. அது நூன். உயிரில்லாத நூன் அடுத்த மெய்யோடு ஒன்றிக் கரைவது எபிரேயத்தில் அன்றாட விஷயம். 'யன்கிர்' என்று இருந்திருக்க வேண்டியது 'யக்கிர்' ஆகிவிட்டது. ஆக வேர் நூன், காஃப், ரேஷ். ந-க-ர என்று வைத்துக்கொள்ளலாம்.

வய்யித்நக்கேர் என்பதில் இவ்வளவு துப்பறிய வேண்டாம். 'வ', யோத், 'த்' மூன்றையும் எடுத்தால் 'நக்கேர்' அப்படியே நிற்கிறது. இங்கே நூனுக்குப் பின் உயிர் வருவதால் அது கரையாமல் தப்பிவிட்டது. வேர் மறைந்திருக்கும் சொல்லும் வெளிப்படையாக இருக்கும் சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் வருவது இந்த வசனத்தில் நமக்குக் கிடைத்த வசதி.

படி 3: முன்னொட்டின் உயிரைப் பாருங்கள்

பழகாத கண் முதலில் தவறுவது இங்கேதான். இரண்டு சொல்லிலும் காஃப் இரட்டித்திருக்கிறது. நடு எழுத்து இரட்டித்தால் பியேல் என்று பாடத்தில் படித்திருப்பார்கள், உடனே வய்யக்கிரேம் பியேல் என்று எழுதிவிடுவார்கள். தமிழருக்கு இன்னொரு சறுக்கலும் உண்டு. திரும்பினான் தன்வினை, திருப்பினான் பிறவினை என்று வல்லின இரட்டிப்பைப் பிறவினையோடு சேர்த்துப் பார்க்கும் காது நமக்கு. எபிரேய இரட்டிப்பை அந்தக் காதால் கேட்கக் கூடாது.

இரட்டிப்பை விட நம்பகமான தடயம், 'அவன்' என்பதைக் காட்டும் யோத் எழுத்தின் உயிர். பியேலில் அது கிட்டத்தட்ட உயிரே இல்லாத குறுக்கமாக இருக்கும். இதே வசனத்தில் சற்றுத் தள்ளி வரும் வய்தப்பேர், 'பேசினான்', அசல் பியேல். அதில் 'ய்' என்று மட்டும் கேட்கிறது, 'ய' என்றோ 'யி' என்றோ கேட்கவில்லை. வய்யக்கிரேமில் தெளிவாக 'ய' இருக்கிறது. 'ய'வும் வேரின் பிற்பாதியில் 'இ' ஒலியும் சேர்ந்து வந்தால் ஹிஃபில். ஆகவே வய்யக்கிரேம் ஹிஃபில். அதன் இரட்டிப்பு பின்யான் கொடுத்தது அல்ல, கரைந்துபோன நூன் விட்டுச்சென்றது.

வய்யித்நக்கேரில் 'யித்' என்று தொடங்குகிறது. முன்னொட்டோடு 'த்' ஒட்டிக்கொண்டு வேரின் நடு எழுத்தும் இரட்டித்தால் ஹித்பயேல். இங்கே காஃப் இரட்டித்தது பின்யானின் சொந்தக் கைவரிசை. கண்ணுக்கு ஒரே புள்ளிதான், ஆனால் ஒரு சொல்லில் அது ஒலிமாற்றத்தால் வந்தது, மற்றதில் வார்ப்பிலேயே உள்ளது. குழப்பம் வரும்போது 'வேரின் மூன்று எழுத்தும் கண்முன் இருக்கின்றனவா?' என்று கேளுங்கள். இருந்தால் இரட்டிப்பு பெரும்பாலும் பின்யானுடையது. இல்லாவிட்டால் தொலைந்த எழுத்தின் சுவடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 4: யார், யாரை, யாரிடம்

வடிவத்தைக் கண்டுபிடித்ததும் பொருளுக்குத் தாவிவிட வேண்டாம். செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். வய்யக்கிரேமில் 'அவர்களை' வினையோடே ஒட்டியிருக்கிறது. செயல் யோசேப்பிடமிருந்து கிளம்பி அண்ணன்மார் மேல் போய் முடிகிறது. வய்யித்நக்கேரில் 'அவர்களை' இல்லை, 'அவர்களிடம்' என்ற அலேஹெம்தான் இருக்கிறது. இங்கே செயல் அவர்கள் மேல் விழவில்லை. யோசேப்பு தன்னையே ஏதோ செய்துகொள்கிறான், அவர்கள் அதற்கு எதிரே நிற்கிறார்கள். ஹித்பயேலின் இயல்பே இதுதான்: செயல் செய்பவனிடமே திரும்பி வருவது.

படி 5: சூத்திரத்தை வழக்கோடு ஒத்துப் பாருங்கள்

அதிகத் தவறு நடப்பதும், அது கவனிக்கப்படாமல் போவதும் இந்தப் படியில். ஹிஃபில் என்றால் பிறவினை என்று சூத்திரம் கற்றிருப்போம். ந-க-ர வேரிலிருந்து வரும் பெயர்ச்சொற்கள் அந்நியத்தைக் குறிப்பவை. நொக்ரி என்றால் அந்நியன். இரண்டையும் கூட்டினால் 'அவர்களை அந்நியராக்கினான்' என்று வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கதைக்கும் ஓரளவு பொருந்துவது போல ஏமாற்றும். ஆனால் தவறு.

அகராதியில் இந்த வேரின் ஹிஃபில் இடங்களைத் திறந்து பாருங்கள். ஆதியாகமம் 27:23இல் கண் மங்கிய ஈசாக்கு யாக்கோபைத் தொட்டுப் பார்த்தும் இன்னான் என்று கண்டுகொள்ளவில்லை. 37:33இல் யாக்கோபு இரத்தம் தோய்ந்த அங்கியைப் பார்த்து, அது மகனுடையது என்று அடையாளம் கண்டுகொள்கிறார். 38:26இல் தாமார் அனுப்பிய பொருள்களை யூதா தன்னுடையவை என்று அறிந்துகொள்கிறான். எல்லா இடத்திலும் ஹிஃபில்தான், எல்லா இடத்திலும் பொருள் 'இன்னார், இன்னது என்று கண்டுகொள்ளுதல்'. 'அந்நியமாக்கு' என்ற பொருள் இந்த வேருக்கு உண்டு, ஆனால் அது பியேலில் இருக்கிறது. எரேமியா 19:4இல் 'இந்த இடத்தை அந்நியமாக்கினார்கள்' என்ற குற்றச்சாட்டில் வருவது அந்தப் பியேல்.

இன்னொன்றும் அகராதியில் கண்ணில் படும். இந்த வேருக்கு வேதாகமத்தில் கல் பின்யான் வினையே இல்லை. 'கல்லில் அடிப்படைப் பொருளைப் பிடி, மற்றதை அதிலிருந்து வருவி' என்ற பாடநூல் வழி இங்கே செல்லாது. கண்டுகொள்ளுதலும் அந்நியமும் ஒரே வேரின் இரண்டு முகமா, ஒலியால் ஒன்றாகிவிட்ட இரண்டு வேர்களா என்று அறிஞர்கள் நடுவே கருத்து வேறுபாடு உண்டு. வசனத்தைப் படிப்பவருக்கு அந்தத் தீர்ப்பு அவசியமில்லை. கேட்பவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும், கதைசொல்லி அதை நம்பித்தான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

ஹித்பயேலுக்கும் இதே சோதனை. 1 இராஜாக்கள் 14:5, 6 வசனங்களில் யெரொபெயாமின் மனைவி அகியா தீர்க்கதரிசியிடம் வேறொருத்தி போலப் போகிறாள். அங்கே வருவது மித்நக்கேரா, இதே வேரின் ஹித்பயேல். ஹித்பயேல் 'பாசாங்கு' என்ற பக்கமாகச் சாய்வது இந்த வேரில் மட்டுமல்ல. 2 சாமுவேல் 13:5, 6இல் அம்னோன் நோயாளியைப் போலப் படுத்துக்கொள்கிறான். 'நோயுற்றிரு' என்ற வேரின் ஹித்பயேல் அங்கே 'நோயாளியாய் நடி' என்று நிற்கிறது. ஆகவே வய்யித்நக்கேர் 'அந்நியனாக நடந்துகொண்டான்'. ஆனால் இதையும் விதியாக்கிவிடக் கூடாது. நீதிமொழிகள் 20:11இல் இதே வேரின் ஹித்பயேல், சிறு பிள்ளையும் தன் செயல்களால் இன்னான் என்று தெரியவரும் என்ற பொருளில்தான் பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அங்கே மறைதல் இல்லை, வெளிப்படுதல்தான். பின்யான் வாசலைக் காட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை இடம்தான் சொல்லும்.

படி 6: பொருளை வசனத்தில் திரும்ப வையுங்கள்

'யோசேப்பு தன் சகோதரர்களைப் பார்த்தான், அவர்களை இன்னார் என்று கண்டுகொண்டான், அவர்களிடம் அந்நியனாக நடந்துகொண்டான்.' தமிழில் இதை இயல்பாகச் சொன்னால் 'அறிந்தும் அறியாதவன் போல' என்று வாய் போகும். அதில் எதிர்மறை நுழைகிறது. எபிரேயத்தில் எதிர்மறைச் சொல் எதுவும் கிடையாது. வேர் அப்படியே இருக்கிறது, வார்ப்பு மட்டும் மாறியிருக்கிறது.

எதிர்மறை வருவது அடுத்த வசனத்தில். 42:8: வய்யக்கேர் யோசேஃப் எத் எஹாவ், வெஹெம் லோ ஹிக்கிரூஹு. 'யோசேப்பு தன் சகோதரர்களைக் கண்டுகொண்டான், அவர்களோ அவனைக் கண்டுகொள்ளவில்லை.' லோ என்பதுதான் 'இல்லை'. வய்யக்கேர் 'ய'வில் தொடங்குகிறது, ஹிக்கிரூஹு 'ஹி'யில் தொடங்குகிறது, அதனால் இரண்டும் வேறு பின்யான் என்று பலர் எழுதுவார்கள். இரண்டுமே ஹிஃபில். 'அவன்', 'அவர்கள்' என்பதைக் காட்டும் ஒட்டு முன்னால் வரும் வடிவத்தில் ஹிஃபிலுக்கு 'ய', அது பின்னால் வரும் வடிவத்தில் 'ஹி'. மாறியது வினையின் வடிவம், பின்யான் மாறவில்லை. வய்யக்கிரேமில் இருந்த 'கிர்' இங்கே 'கேர்' ஆனதும் அப்படித்தான். 'அவர்களை' என்ற பின்னொட்டு இல்லாதபோது கதைத்தொடர் வடிவத்தில் அந்த 'இ' குறுகி 'ஏ' ஆகிறது.

இப்போது 7, 8 வசனங்களைச் சேர்த்துப் பாருங்கள். ந-க-ர நான்கு முறை வருகிறது: ஹிஃபில், ஹித்பயேல், ஹிஃபில், மறுபடி ஹிஃபில். எட்டாம் வசனம் ஏழாம் வசனத்தையே திரும்பச் சொல்வது போல இருந்தாலும், ஹித்பயேல் இருந்த இடத்தில் இப்போது 'லோ' நிற்கிறது. அவன் மறைத்ததும் அவர்கள் அறியாததும் ஒரே வேரில் எதிரெதிராக நிற்கின்றன.

வடிவம் கைவிடும் இடம்

வசனத்தின் முதல் சொல் வய்யர் நம் 'ய' விதியை உடைக்கிறது. 'ய' இருக்கிறது, ஆனால் இது கல். 'பார்' என்ற வேரின் கடைசி எழுத்து வலுவில்லாதது. சொல் குறுகும்போது முன்னொட்டின் உயிர் மாறிவிடுகிறது. சிக்கல் இதோடு முடியவில்லை. இதே வேரின் ஹிஃபிலும் எழுத்துக்கு எழுத்து, குறிக்குக் குறி வய்யர் என்றே வரும். 2 இராஜாக்கள் 11:4இல் யோய்தா காவல் தலைவர்களுக்கு ராஜகுமாரனைக் காட்டுகிறான். அந்தக் 'காட்டினான்' வய்யர்தான். இங்கே படி 4 மட்டுமே காப்பாற்றும். அந்த வசனத்தில் 'அவர்களுக்கு' என்று ஒன்றும் 'ராஜாவின் மகனை' என்று ஒன்றுமாக இரண்டு செயப்படுபொருள்கள், இரண்டுக்கும் 'எத்' உண்டு. பார்ப்பதற்கு ஒன்று போதும், காட்டுவதற்கு இரண்டு வேண்டும். ஆதியாகமம் 42:7இல் ஒன்றுதான் இருக்கிறது. எனவே 'பார்த்தான்'.

திரையில் வரும் குறியீடுகள்

ஓப்பன் ஸ்கிரிப்ச்சர்ஸ் எபிரேய பைபிள் போன்ற இலவசத் தரவுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பகுப்புக் குறியீடு இருக்கும். நம் இரண்டு சொற்களுக்கும் அது இப்படி:

```
HC/Vhw3ms/Sp3mp
HC/Vtw3ms
```

முதல் `H` மொழி எபிரேயம் என்கிறது, `C` இணைப்பு, `V` வினை. வினைக்கு அடுத்த எழுத்துதான் பின்யான்: `h` ஹிஃபில், `t` ஹித்பயேல். `w` கதைத்தொடர் வடிவம், `3ms` 'அவன்', `Sp3mp` ஒட்டியிருக்கும் 'அவர்களை'. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே ஒன்றல்ல. `h` ஹிஃபில், `H` ஹோஃபால்; `p` பியேல், `P` புவால். செய்வினையும் செயப்பாட்டுவினையும் இடம் மாறிவிடும் என்பதால் அவசரமாகப் படிக்கக் கூடாது. குறியீட்டை உங்கள் விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே பார்த்துவிட்டால் படி 2, 3 கைக்கு வராது.

அதே இடத்தில் இன்னொரு வேர்

7ஆம் வசனத்தின் கடைசியில் அண்ணன்மார் 'உணவு வாங்க வந்தோம்' என்கிறார்கள். 'வாங்க' என்பது லிஷ்போர், ஷ-ப-ர வேரின் கல். ஒரு வசனம் முன்னால், 42:6இல், யோசேப்பை ஹம்மஷ்பீர் என்கிறது பாடம்: தேசத்தாருக்குத் தானியம் விற்பவன். இது ஹிஃபில். வாங்குவது கல், வாங்கச் செய்வது, அதாவது விற்பது, ஹிஃபில். ந-க-ர நம்மை ஏமாற்றிய பிறவினைச் சூத்திரம் இங்கே அச்சுக் குலையாமல் பொருந்துகிறது. இதே மூன்று எழுத்தில் 'உடை' என்று பொருள்படும் வேறொரு வேர் இருப்பதால், அகராதியில் சரியான பதிவைத் திறந்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருந்துகிறது என்று நிம்மதியாக இருக்கும்போது 41:56 குறுக்கே வரும். யோசேப்பு களஞ்சியங்களைத் திறந்து எகிப்தியருக்கு விற்றான் என்ற இடத்தில் உயிர்க்குறிகள் வய்யிஷ்போர் என்று கல்லைக் காட்டுகின்றன. சூத்திரப்படி அது 'வாங்கினான்' என்றாக வேண்டும், கதைப்படி அது நடக்காது. மெய்யெழுத்துகளைத் தொடாமல் உயிரை மட்டும் மாற்றினால் வய்யஷ்பேர் என்ற ஹிஃபில் கிடைக்கும் என்று சில உரையாசிரியர்கள் சொல்வதுண்டு. அப்படித் திருத்தலாம், அல்லது இந்தக் கல் விற்பதற்கும் வழங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும், பாடத்தில் உள்ள குறி கல் என்று முதலில் எழுதிவிட்டு, உங்கள் முடிவை அதன் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.